காபியில் கொலஸ்ட்ரால் இல்லை... ஆனாலும் ஏற்றுவது எப்படி?

காபிக்கொட்டையில் கொலஸ்ட்ரால் துளியும் கிடையாது. ஆனாலும் சிலவகைக் காபி, ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றிவிடும். எது என்பதை நார்வே நாட்டுக்காரர்களின் கெட்டில் காட்டிக்கொடுத்தது.

நார்வேயின் வடகோடியில் இருக்கும் ஊர் டிரோம்சோ. அங்கே சுமார் 14,500 பேரிடம் நடத்திய ஆய்வு 1983-இல் வெளியானது. தினமும் காபி அதிகம் குடிப்பவர்களுக்கு கொலஸ்ட்ராலும் அதிகமாக இருந்தது. ஆனால், வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் இப்படித் தெளிவாகத் தெரியவில்லை. ஏன்?

வித்தியாசம் காபி போடும் முறையில் இருந்தது. அப்போது நார்வேயில் பலரும், கொரகொரப்பாக அரைத்த தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, தூள் அடியில் படிந்ததும் வடிகட்டாமல் ஊற்றிக் குடித்தார்கள்.

நெதர்லாந்து விஞ்ஞானிகள் இதைச் சோதித்தார்கள். ஒரே மாதிரி கொதிக்கவைத்த காபியை ஒரு குழுவுக்கு அப்படியே கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குக் காகித ஃபில்டரில் வடிகட்டிக் கொடுத்தார்கள். வடிகட்டாமல் குடித்தவர்களுக்கு மட்டும் கொலஸ்ட்ரால் ஏறியது!

காரணம், காபிக்கொட்டையின் எண்ணெயில் இருக்கும் 'கஃபெஸ்டால்' என்ற பொருள். நம் கல்லீரல், கொலஸ்ட்ராலின் ஒரு பகுதியைப் பித்த அமிலமாக மாற்றிச் செலவழிக்கிறது. கஃபெஸ்டால் அந்த வேலையை மந்தமாக்குகிறது. செலவு குறைந்தால் இருப்பு கூடத்தானே செய்யும்? ரத்தத்தில் எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் உயர்கிறது.

இந்த எண்ணெய், நுண்ணிய துளிகளாகவும் பொடித்துகள்களில் ஒட்டிக்கொண்டும் கோப்பைக்கு வருகிறது. காகிதம் இரண்டையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் கஃபைன் தண்ணீரில் கரைவதால் காகிதத்தைத் தாண்டி வந்துவிடும். அதனால், கஃபைன் நீக்கிய தூளுக்கு மாறினாலும், அதைக் கொதிக்கவைத்தே குடித்தால் இந்தப் பிரச்னை தீராது.

ஒரு கணக்குப் பார்ப்போம். கொதிக்கவைத்த காபி ஒரு கோப்பையில் சுமார் 4 மில்லிகிராம் கஃபெஸ்டால் இருக்கும். தினமும் 5 கோப்பை என்றால் 20 மில்லிகிராம். 10 மில்லிகிராமுக்குக் கொலஸ்ட்ரால் அளவு சுமார் 5 கூடும். அதாவது 200 இருந்தவருக்கு 210 ஆகலாம். காகிதத்தில் வடிகட்டிய கோப்பையில் அரை மில்லிகிராம்கூட இருக்காது. இன்ஸ்டன்ட் காபியிலும் மிகக் குறைவுதான்.

நம் வீட்டு டிகாக்‌ஷன் ஃபில்டர்? பெயர் ஃபில்டர்தான் என்றாலும், அதில் இருப்பது உலோகத் துளைகள். தூளை நிறுத்தும், எண்ணெயைக் காகிதம்போல் தடுக்காது. தூளைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்து இறுத்துவதும் நார்வே முறைக்கு நெருக்கமானதுதான்.

ஒன்றிரண்டு டம்ளரோடு நிறுத்துபவர்கள் கலங்க வேண்டாம். நிறைய குடிப்பவர், ரத்தப் பரிசோதனையிலும் எல்.டி.எல். அதிகம் என்றால், டிகாக்‌ஷனைக் காகித ஃபில்டரில் ஒருமுறை வடிகட்டிப் பாருங்கள். சில வாரங்களில் இந்த ஏற்றம் இறங்கிவிடும். மருத்துவர் கொடுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.