மாடிப்படி லைட்டைப் போட்டால் ஆர்.சி.சி.பி. ஏன் விழுகிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு மாடி வீடு. கீழே ஓனர், மேலே வாடகைக்கு இருப்பவர்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் வாடகைக்காரர் மாடிப்படியின் கீழே உள்ள சுவிட்சைத் தட்டுகிறார். லைட் ஒரு நொடி மின்னி அணைகிறது. அதே நேரம் ஓனர் வீட்டில் ‘டப்’ என்று ஒரு சத்தம், ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நிற்கிறது. மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. விழுந்துவிட்டது. திரும்பத் தூக்கி விட்டால் நிற்கிறது. மறுபடி படி லைட்டைப் போட்டால் மறுபடியும் விழுகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில் தொழிற்பேட்டைகளை ஒட்டி இப்படிக் கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம் என்று இருக்கும் வீடுகள் ஏராளம். இந்தக் கோளாறு வந்தால் பலர் முதலில் பல்பை மாற்றுவார்கள், பிறகு சுவிட்சை மாற்றுவார்கள். கடைசியில் “ஆர்.சி.சி.பி.தான் சரியில்லை” என்று அதையே கழற்றி வயரை நேராக இணைத்துவிடுவார்கள். பல்பு, சுவிட்ச், ஆர்.சி.சி.பி. மூன்றுமே நன்றாக இருக்கலாம். தப்பு, நியூட்ரல் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, இரண்டு சுவிட்ச், ஒரு லைட் இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மூன்று முனை சுவிட்ச்

சாதாரண சுவிட்சுக்குப் பின்னால் இரண்டு முனைகள் இருக்கும். படிக்கட்டுக்குப் போடும் டூ-வே சுவிட்சில் மூன்று. அதில் ஒன்று ‘காமன்’. பல சுவிட்சுகளில் அதுதான் நடுவில் இருக்கும், ஆனால் எல்லா கம்பெனியிலும் அப்படி இல்லை, பின்னால் உள்ள குறியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுவிட்சைத் தட்டும்போது காமன் ஒரு பக்க முனையை விட்டு இன்னொரு பக்க முனையைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ரயில் தண்டவாளம் பிரியும் இடம் மாதிரி. அதனால்தான் டூ-வே சுவிட்சுக்கு ‘ஆன்’, ‘ஆஃப்’ என்று நிரந்தரமான பக்கம் கிடையாது.

இணைப்பு இப்படிப் போகும். மெயினிலிருந்து வரும் பேஸ், கீழ் சுவிட்சின் காமனுக்கு. கீழ் சுவிட்சின் இரண்டு பக்க முனைகளிலிருந்து இரண்டு வயர்கள், மேல் சுவிட்சின் இரண்டு பக்க முனைகளுக்கு. மேல் சுவிட்சின் காமனிலிருந்து ஒரு வயர், லைட் ஹோல்டருக்கு. ஹோல்டரின் இன்னொரு முனைக்கு நியூட்ரல் நேராக வரும், எந்தச் சுவிட்சுக்குள்ளும் நுழையாமல்.

இரண்டு சுவிட்சுகளும் ஒரே வயரைப் பிடித்திருந்தால் பாதை முழுமையாகி லைட் எரியும். ஆளுக்கொரு வயரைப் பிடித்திருந்தால் அணையும். எந்த முனையில் எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் நிலைமை மாறிவிடும்.

இதைச் சோதிக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு சுவிட்சுகளுக்கும் சேர்த்து நான்கு நிலைகள்தான்: இரண்டும் மேலே, இரண்டும் கீழே, ஒன்று மேலே ஒன்று கீழே என இரண்டு விதம். சரியான இணைப்பில் நான்கில் இரண்டு நிலைகளில் லைட் எரிய வேண்டும். ஒன்றில் மட்டும் எரிந்தால், ஏதோ ஒரு சுவிட்சில் காமனும் பக்க முனையும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். “கீழே போட்டு வெச்சாதான் மேல வேலை செய்யுது” என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தொல்லையே தவிர, வயரை இடம் மாற்றினால் முடிந்துவிடும்.

ஆனால் நம் கும்மிடிப்பூண்டி வீட்டில் இந்தக் கணக்குக் கைகொடுக்காது. அங்கே சுவிட்சுகள் இரண்டும் சரியாகத்தான் பொருத்தப்பட்டிருக்கின்றன.

இரண்டு மீட்டர், ஒரு லைட்

கீழுக்கும் மேலுக்கும் தனித்தனி மின் இணைப்பு, தனித்தனி மீட்டர். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் தனி மீட்டர் வைப்பதில் குடியிருப்பவருக்கும் லாபம், கணக்கிலும் சண்டை வராது. படிக்கட்டு லைட் மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

வயரிங் செய்தவர் என்ன செய்திருப்பார்? கீழ் சுவிட்சுக்குக் கீழ் வீட்டிலிருந்து பேஸ் எடுத்தார். லைட் இருப்பது மாடி லேண்டிங்கில். அங்கே வரைக்கும் கீழிருந்து இன்னொரு நியூட்ரல் வயர் இழுப்பதற்குப் பதிலாக, பக்கத்திலேயே இருக்கும் மாடி வீட்டு போர்டிலிருந்து நியூட்ரலைக் கொடுத்துவிட்டார். “நியூட்ரல்தானே, எங்கே எடுத்தால் என்ன?” என்ற எண்ணம். மிச்சமானது பத்து மீட்டர் வயர் இருக்கலாம்.

லைட் எரியத்தான் செய்யும். ஆனால் கீழ் மீட்டர் வழியாகப் போன கரண்ட், மாடி மீட்டர் வழியாகத் திரும்புகிறது. ஆர்.சி.சி.பி. பார்ப்பது ஒன்றே ஒன்று: தன் வழியாக பேஸில் போன கரண்ட் அதே அளவு நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று. வராவிட்டால், எங்கோ யார் உடம்பு வழியாகவோ கசிகிறது என்று எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கும். கீழே உள்ளதற்கு, போனது திரும்பவில்லை. மேலே உள்ளதற்கு, போகாதது திரும்பி வருகிறது. இரண்டில் எது முந்துகிறதோ அது விழும், சில சமயம் இரண்டுமே.

ஒரு சின்ன பல்புக்கு இவ்வளவா என்று தோன்றலாம். 9 வாட் எல்.இ.டி. பல்பை 230 வோல்ட்டால் வகுத்தால் 39 மில்லி ஆம்பியர் வருகிறது. உண்மையில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இழுக்கும். வீடுகளில் போடும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள் விழுந்தாக வேண்டும். அதனால் 9 வாட் பல்பைப் போட்ட உடனே விழுகிறது. அதே இடத்தில் 5 வாட் பல்பு போட்டால் சுமார் 22 மில்லி ஆம்பியர். ஆர்.சி.சி.பி. 15க்கும் 30க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழலாம் என்பதால், இப்போது அது சில நாள் விழும், சில நாள் விழாது. “பல்பை மாத்தினதும் சரியாப் போச்சு” என்று ஒருவர் சொல்லி, பத்து நாளில் மறுபடி தொல்லை ஆரம்பிப்பது இப்படித்தான்.

ஆர்.சி.சி.பி. இல்லாத பழைய வீட்டில் இதே தப்பு சத்தமே இல்லாமல் கிடக்கும். ஆபத்து அங்கேதான் அதிகம். மாடியில் ஃபேன் ரிப்பேர் என்று ஒருவர் மாடி வீட்டு மெயினை அணைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மெயின் பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் வகை. டெஸ்டர் வைத்து பேஸ் வயரைப் பார்க்கிறார், எரியவில்லை. தைரியமாக நியூட்ரல் வயரைப் பிரிக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கீழே யாரோ படி லைட் சுவிட்சைத் தட்டுகிறார்கள். கீழ் வீட்டு பேஸ், சுவிட்சுகளையும் பல்பையும் தாண்டி, மெயினில் வழி அடைபட்ட மாடி நியூட்ரலில் வந்து நிற்கிறது. அதைப் பிடித்திருக்கும் கைக்கு ஷாக் அடிக்கும். மெயின் அணைத்திருக்கிறது, பேஸில் கரண்ட் இல்லை, ஆனாலும் அடிக்கிறது.

எரிவதாலேயே ஏமாற்றும் குறுக்குவழி

இன்னொரு வகை வயரிங்கும் உண்டு. இதில் இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் வயரே ஓடாது. ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸிலும் இருக்கும் பேஸையும் நியூட்ரலையும் இரண்டு பக்க முனைகளில் கொடுத்து, காமனிலிருந்து ஆளுக்கொரு வயரை லைட்டுக்கு இழுத்துவிடுவார்கள். ஒரு சுவிட்ச் பேஸையும் மற்றது நியூட்ரலையும் பிடித்தால் எரியும். நான்கில் இரண்டு நிலைகளில் எரிவதால், மேலே சொன்ன கணக்கிலும் இது பாஸ் ஆகிவிடும்.

அணைந்திருக்கும் இரண்டு நிலைகளைக் கவனியுங்கள். ஒன்றில் இரண்டு பக்கமும் நியூட்ரல், பிரச்சினை இல்லை. இன்னொன்றில் இரண்டு பக்கமும் பேஸ். லைட் அணைந்திருக்கிறது, ஆனால் ஹோல்டரின் இரு முனைகளிலும் முழு 230 வோல்ட். அணைத்துவிட்டோம் என்று நம்பி பல்பை மாற்றப் போகிறவர் கை படும் இடம் அது. தவிர, சுவிட்சுக்குள் பேஸும் நியூட்ரலும் ஒரு சின்ன இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன. தட்டும்போது வரும் தீப்பொறி அந்த இடைவெளியைத் தாண்டினால் நேரடி ஷார்ட் சர்க்யூட்.

இரண்டு மீட்டர் வீட்டில் இது இன்னும் மோசம். தெருக் கம்பத்தில் மூன்று பேஸ்கள் இருக்கும். கீழ் வீட்டுக்கு ஒன்றும் மாடிக்கு வேறொன்றும் கொடுத்திருந்தால், ‘இரண்டு பக்கமும் பேஸ்’ என்ற நிலையில் பல்புக்குக் கிடைப்பது சுமார் 400 வோல்ட். அணைய வேண்டிய நேரத்தில் பல்பு வெடித்துப் போகும்.

நியூட்ரலில் தனியாக சுவிட்ச் வைக்கக் கூடாது என்று 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 32-வது விதியே சொன்னது. வைத்தால் பேஸோடு சேர்ந்து ஒரே நேரத்தில் துண்டிக்கும் சுவிட்சாக இருக்க வேண்டும். இன்று நடைமுறையில் உள்ள மத்திய மின்சார ஆணைய விதிமுறைகளும் இதையே தொடர்கின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பல்பைக் கழற்றிவிட்டு, நான்கு நிலைகளிலும் ஹோல்டரின் இரண்டு முனைகளையும் டெஸ்டரால் தொட்டுப் பார்க்க வேண்டும். லைன் உயிரோடு இருக்கும்போது செய்யும் வேலை இது, லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுவதே சரி. சரியான இணைப்பில் ஒரு முனை எந்த நிலையிலும் டெஸ்டரை எரிய வைக்காது, அதுதான் நியூட்ரல். ஏதாவது ஒரு நிலையில் இரண்டு முனையும் பளிச்சென்று எரிந்தால் அது குறுக்குவழி வயரிங். அணைந்த நிலையில் ஒரு முனை மட்டும் மங்கலாக மினுங்கினால் பயப்பட வேண்டாம். ஒரே பைப்பில் பக்கத்தில் ஓடும் வயரிலிருந்து தூண்டப்படும் மின்னழுத்தம் அது. சில எல்.இ.டி. பல்புகள் அணைத்த பிறகும் லேசாக மின்னுவதற்கும் இதுவே காரணம்.

நியூட்ரல் கடன் வாங்கியதைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். படி லைட்டை எரிய விட்டு, மாடி வீட்டு மெயினை அணையுங்கள். பிறகு அதைப் போட்டுவிட்டு, கீழ் வீட்டு மெயினை அணையுங்கள். இரண்டு தடவையும் லைட் அணைந்தால், அது இரண்டு வீட்டிலிருந்தும் கரண்ட் வாங்குகிறது. எந்த வீட்டுக் கணக்கோ அந்த மெயினுக்கு மட்டுமே அது அணைய வேண்டும். மெயின் பேஸை மட்டும் துண்டிக்கும் வகையாக இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும், அப்போது வயரைப் பின்தொடர்ந்துதான் பார்க்க வேண்டும்.

சரி செய்யச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. பைப்பில் இடம் இருந்தால், கீழ் வீட்டு நியூட்ரல் பாரிலிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் கறுப்பு வயர் ஒன்றை லைட் வரைக்கும் இழுத்து, மாடி நியூட்ரலைக் கழற்றிவிட்டால் போதும். படி லைட்டின் மேல் சுவிட்சை மாடி வீட்டு போர்டுக்குள் வைக்காமல் தனி பாக்ஸில் வைப்பது நல்லது. ஒரே போர்டில் இருந்தால், வாடகைக்காரர் தன் மெயினை அணைத்துவிட்டு போர்டைத் திறந்தாலும் உள்ளே அந்த மூன்று வயர்களில் கீழ் வீட்டு கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்.