மிளகாய் வற்றலில் நூல் போன்ற வலையா? அந்துப்பூச்சியை ஒழிக்கும் வழி

சமையலறையில் சிறு அந்துப்பூச்சிகள் பறந்தால், அலமாரியில் உள்ள ஏதோ ஒரு பொருளில் அவற்றின் புழுக்கள் வளர்கின்றன என்று பொருள். பறக்கும் பூச்சி எதையும் உண்பதில்லை; சேதம் விளைவிப்பவை புழுக்களே.

பருப்பு கட்டி கட்டியாக ஒட்டியிருப்பதும், மிளகாய் வற்றலின் காம்புப் பகுதியிலும் மல்லித்தூளின் மேற்பரப்பிலும் மெல்லிய நூல் வலை படிந்திருப்பதும் இதன் அடையாளம். பருப்பில் வட்டத் துளைகள் மட்டும் இருந்து வலை இல்லையெனில், அது வண்டின் வேலை.

வலை படிந்த பொருளை உறையில் கட்டி, வீட்டுக்கு வெளியே அப்புறப்படுத்த வேண்டும். வெயிலில் உலர்த்தினால் புழுக்கள் வெளியேறலாம், முட்டைகள் எஞ்சக்கூடும்.

பாதிப்பு தென்படாத பிற பொருள்களை, இறுக மூடிய உறையில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் 4 நாள்கள் வைத்தால் முட்டைகளும் அழியும். வெளியே எடுத்ததும் பிரிக்காமல், குளிர் முழுமையாக நீங்கிய பின்னரே திறக்க வேண்டும். இல்லையெனில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுவதால்தான் பூச்சி மீண்டும் வருகிறது. முதிர்ந்த புழு உணவை விட்டு வெளியேறி, அலமாரி இடுக்கு, ஆணித்துளை, டப்பா மூடியின் மரை ஆகியவற்றில் கூடு கட்டும். அவ்விடங்களைத் துடைத்து, மூடிகளைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். உணவு அலமாரிக்குள் பூச்சிக்கொல்லி தெளிக்கக் கூடாது.

மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் புழு துளைத்துவிடும் என்பதால், புதிய சரக்கைக் கண்ணாடி அல்லது எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வைப்பது நல்லது. வெப்பமான சூழலில் முட்டை பூச்சியாக மாற ஏறத்தாழ ஒரு மாதமாகும். அதற்குப் பிறகும் பூச்சி பறந்தால், கவனிக்கப்படாத பொட்டலம் எங்கோ எஞ்சியிருக்கிறது.