ஒரே சூத்திரத்தில் சாய்வும் பிழையும்

ஒரு சுருள்வில்லில் 100 முதல் 500 கிராம் வரை எடைகளைத் தொங்கவிட்டோம். வில் 2.1, 3.9, 6.2, 7.8, 10.0 சென்டிமீட்டர் நீண்டது. எக்செல் தாளில் A பத்தியில் 1 முதல் 5 வரை (நூறு கிராம் கணக்கில்), B பத்தியில் நீட்சி. பிறகு இது:

```
=LINEST(B2:B6,A2:A6,TRUE,TRUE)
```

y முதலில், x பிறகு. பழைய எக்செல் என்றால் ஐந்து வரிசை, இரண்டு பத்தி கொண்ட இடத்தைத் தேர்ந்தெடுத்து, சூத்திரத்தைத் தட்டி Ctrl+Shift+Enter அழுத்த வேண்டும். புதியதில் விடை தானே விரியும்.

முதல் வரிசையில் சாய்வு 1.97, வெட்டு 0.09. அவற்றின் நேர்க்கீழே திட்டப்பிழைகள்: 0.055, 0.183. மூன்றாம் வரிசையின் இடப்பக்கம் R வர்க்கம், 0.998.

பலர் R வர்க்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இரண்டாம் வரிசைதான் முக்கியம். வெட்டைவிட அதன் பிழை பெரியது. ஆகவே எடையில்லாத வில் நீளவில்லை என்பதோடு இந்த அளவீடு முரண்படவில்லை. சாய்வோ தன் பிழையைப் போல 35 மடங்குக்கும் மேல்.

x பத்திகள் பலவானால் கவனம் தேவை: சாய்வுகள் தலைகீழ் வரிசையில் வரும். கடைசிப் பத்தியின் சாய்வே இடது ஓரத்தில் நிற்கும், வெட்டு எப்போதும் வலது ஓரத்தில். மூன்றாம் வரிசை முதல் வலப்புறம் தெரியும் #N/A பிழையல்ல, வெற்றிடம்.