மூன்று மூன்றாக, நான்கு நான்காக

கணினிப் பயிற்சி மையத்தில் முதல் வாரம் கொடுக்கும் ஜெராக்ஸ் தாளில் அநேகமாக இப்படி ஒரு கணக்கு இருக்கும்: ஆக்டல் 755-ஐ ஹெக்ஸாடெசிமலுக்கு மாற்றுக. புதிதாகப் படிக்க வந்தவர் F61 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். சரியான விடை 1ED. இரண்டுக்கும் துளிகூட ஒற்றுமை இல்லை. ஆனால் தவறு நடந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

755 என்பது கணக்குத் தாளுக்காகக் கற்பனை செய்த எண் அல்ல. லினக்ஸ் கணினிகளில் ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் இயக்கலாம் என்று தீர்மானிப்பது இந்த வகை எண்தான். கோப்பின் உரிமையாளருக்கு ஓர் இலக்கம், அவருடைய குழுவுக்கு ஓர் இலக்கம், மற்ற எல்லோருக்கும் ஓர் இலக்கம். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் கூடினால் 7; படிப்பதும் இயக்குவதும் மட்டும் என்றால் 5. ஒவ்வொரு அனுமதியும் உண்டு அல்லது இல்லை, அதாவது 1 அல்லது 0. மூன்று அனுமதிகளுக்கு மூன்று பிட். மூன்று பிட்டுகளில் 0 முதல் 7 வரை எட்டு எண்களை எழுதலாம். எட்டை அடிமானமாகக் கொண்ட ஆக்டல் இங்கே இயல்பாகப் பொருந்திப்போனது அதனால்தான். யுனிக்ஸ் 1969-இல் பிறந்த PDP-7 கணினியின் ஒரு சொல்லில் 18 பிட்டுகள் இருந்தன. மூன்று மூன்றாக வகுத்தால் மிச்சமில்லாமல் ஆறு ஆக்டல் இலக்கங்கள். 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 எட்டு பிட் பைட்டை நிலைநாட்டிய பிறகு காற்று மாறியது. எட்டு மூன்றால் வகுபடாது, நான்கால் வகுபடும். நான்கு பிட்டுக்கு ஓர் இலக்கம் என்ற ஹெக்ஸாடெசிமல் மேலே வந்தது.

நான்கு பிட்டுகளில் 0 முதல் 15 வரை எழுத முடியும். ஒன்பதுக்கு மேல் ஒற்றை இலக்கம் நம்மிடம் இல்லாததால் 10-க்கு A, 11-க்கு B என்று தொடங்கி 15-க்கு F வரை எழுத்துகளைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். பதினாறில் எண்ணுவது நம் ஊருக்கு ஒன்றும் புதிதில்லை. 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. பதினைந்து அணா வரை அணாவாகவே இருக்கும், பதினாறாவது சேர்ந்ததும் ரூபாய் ஆகும். ஹெக்ஸில் F-க்கு அடுத்து 10 வருவதும் அதே கதைதான்.

ஆக, ஆக்டலும் ஹெக்ஸும் தனித்தனி மொழிகள் அல்ல. ஒரே பிட் வரிசையை ஒன்று மூன்று மூன்றாகவும், மற்றது நான்கு நான்காகவும் வாசிக்கிறது. கையால் செய்பவருக்கு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக எளிய வழி, நடுவில் பைனரிக்கு இறங்கி ஏறுவது. 7 என்பது 111, 5 என்பது 101, மறுபடி 101.

```
111 101 101
```

இடைவெளியை நீக்கினால் 111101101, மொத்தம் ஒன்பது பிட்டுகள். இதை இப்போது நான்கு நான்காக வெட்ட வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து? இடமிருந்து வலமாகப் படித்தே பழகிய கண் இடமிருந்து வெட்டத் தொடங்கும்: 1111, 0110, மிச்சம் 1. விடை F61. வழுக்கிய இடம் இதுதான். பத்து லட்சத்துக்கு மேல் ஒரு தொகையை எழுதிக் கமா போடுகிறவர் யாராவது இடப்பக்கத்திலிருந்து தொடங்குவாரா? ஒன்றாம் இடத்தில் விரலை வைத்து, மூன்று தள்ளி ஒரு கமா, பிறகு இரண்டிரண்டு தள்ளி ஒவ்வொன்று என்று வலமிருந்தே போவார். பைனரியிலும் ஒன்றாம் இடம் வலக்கோடியில்தான் இருக்கிறது.

```
1 1110 1101
```

தனியாக நிற்கும் 1-க்கு முன்னால் மூன்று பூஜ்ஜியங்களைச் சேர்த்து 0001 என்று கொள்ளலாம்; முன்னால் வரும் பூஜ்ஜியம் மதிப்பை மாற்றாது. 1110 என்பது 14, அதாவது E. 1101 என்பது 13, அதாவது D. விடை 1ED.

விடை சரிதானா என்று கணினியைத் தொடாமல் எப்படித் தெரிந்துகொள்வது? மிக விரைவானது கடைசி இலக்கச் சோதனை. ஆக்டலின் கடைசி இலக்கம் கடைசி மூன்று பிட்டுகள்; ஹெக்ஸின் கடைசி இலக்கம் கடைசி நான்கு பிட்டுகள். எனவே ஹெக்ஸின் கடைசி இலக்கம் எட்டோ அதற்கு மேலோ இருந்தால் எட்டைக் கழித்துவிட வேண்டும். கிடைப்பது ஆக்டலின் கடைசி இலக்கமாக இருந்தாக வேண்டும். D என்றால் 13. எட்டு போனால் 5. 755 முடிவதும் 5-இல். சரி. F61 முடிவது 1-இல். அங்கேயே பிடிபட்டுவிட்டது. முதல் இலக்கமும் ஒரு சேதி சொல்லும். ஒன்பது பிட்டுகளில் நான்கும் நான்கும் போனால் எஞ்சுவது ஒரே பிட். அதனால் ஹெக்ஸ் விடை 1 என்று மட்டுமே தொடங்க முடியும். F-க்கு அங்கே இடமே இல்லை.

ஆனால் கடைசி இலக்கத்தை மட்டும் நம்பினால் கவிழ்ந்துவிடுவோம். அதற்குத் தமிழ் எழுத்து ஒன்றையே உதாரணமாக எடுக்கலாம். யூனிகோடில் ‘க’ என்ற எழுத்தின் எண் U+0B95. இந்த ஹெக்ஸ் எண்ணைப் பிரித்தால் B, 9, 5 மூன்றும் 1011 1001 0101 ஆகும். பன்னிரண்டு பிட்டுகள், மூன்றாலும் வகுபடும், நான்காலும் வகுபடும். எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒன்றுதான். மூன்று மூன்றாக 101 110 010 101, ஆக்டல் 5625. (இப்படி வசதியாகப் பன்னிரண்டு பிட் வரும் கணக்குகளை மட்டுமே தாளில் கொடுக்கும் ஆசிரியர், வெட்டும் திசையைச் சொல்லித்தராமலே பாடத்தை முடித்துவிட முடியும்!)

இப்போது திரும்பி வருவோம்: ஆக்டல் 5625-ஐ ஹெக்ஸாக்க வேண்டும். 5 என்றால் 101, 6 என்றால் 110, 2 என்றால் 10, 5 என்றால் 101 என்று அவசரத்தில் எழுதுகிறார் ஒருவர். நடுவில் வரும் 2-க்கு 010 என்று மூன்று இடம் கொடுக்க மறந்துவிட்டார். கிடைப்பது 10111010101. வலமிருந்து ஒழுங்காகவே வெட்டினாலும் 101 1101 0101, அதாவது 5D5 வரும். கடைசி இலக்கம் 5, ஆக்டலிலும் 5. சோதனை ‘சரி’ என்று பொய் சொல்கிறது.

இந்த இடத்தில் கைகொடுப்பது மூன்றின் மீதி. ஓர் எண்ணை மூன்றால் வகுத்தால் என்ன மீதி வரும் என்பதை இலக்கங்களைக் கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்று பள்ளியில் படித்திருப்போம். பத்தை மூன்றால் வகுத்தால் மீதி 1 என்பதால் அது நடக்கிறது. பதினாறை வகுத்தாலும் மீதி 1 தான். ஆகவே ஹெக்ஸிலும் இலக்கங்களைக் கூட்டினால் போதும். எட்டு மட்டும் ஒன்பதுக்கு ஒன்று குறைவு. அதனால் ஆக்டலில் வலக்கோடியிலிருந்து தொடங்கி ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்து, மறுபடி கூட்டிக் கழித்துப் போக வேண்டும். 5625-க்கு 5 − 2 + 6 − 5 = 4; மூன்று போனால் மீதி 1. B95-க்கு 11 + 9 + 5 = 25; மீதி 1. பொருந்துகிறது. 5D5-க்கு 5 + 13 + 5 = 23; மீதி 2. பொய் வெளிப்பட்டது.

இந்தச் சோதனைக்கும் கண் தெரியாத இடம் உண்டு. தொடக்கத்தில் பார்த்த F61-ஐயே எடுத்தால் 15 + 6 + 1 = 22, மீதி 1. 755-க்கு 5 − 5 + 7 = 7, அதற்கும் மீதி 1. தவறான விடை அலுங்காமல் தப்பிவிடுகிறது. மூன்றில் ஒரு தவறு இப்படித் தற்செயலாகவே நழுவ வாய்ப்பு உண்டு. முதல் கணக்கின் தவறைக் கடைசி இலக்கம் பிடித்தது, இரண்டாவதை மூன்றின் மீதி பிடித்தது. இரண்டையும் சேர்த்துப் போட அரை நிமிடம் ஆகாது.

சந்தேகமே இருக்கக்கூடாது என்றால் இரண்டு எண்களையும் நம் வழக்கமான பத்தடிமானத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆக்டலில் இடமதிப்புகள் 64, 8, 1. 7 × 64 = 448, 5 × 8 = 40, அதோடு 5; மொத்தம் 493. ஹெக்ஸில் இடமதிப்புகள் 256, 16, 1. 256, 14 × 16 = 224, அதோடு 13; மொத்தம் 493. பிட்டுகளை வெட்டிய வழியில் திரும்பிப் போகாமல் வேறு வழியில் வந்து சேர்வதால், கூட்டல் பெருக்கல் சரியாக இருக்கும்வரை இந்தச் சோதனை ஏமாற்றாது.

புள்ளி வைத்த எண்ணில் திசை பற்றிய விதிக்கு ஒரு திருத்தம் உண்டு. புள்ளிதான் தொடக்கம், அதன் இடப்பக்கம் வலமிருந்து இடமாகவும், வலப்பக்கம் இடமிருந்து வலமாகவும் வெட்ட வேண்டும். பைனரி 101.1 என்பது ஐந்தரை. புள்ளிக்குப் பின்னால் உள்ள 1-க்குப் பின்புறம் பூஜ்ஜியம் சேர்த்து 100 என்றால் ஆக்டலில் 5.4, 1000 என்றால் ஹெக்ஸில் 5.8. எட்டில் நான்கும் அரை, பதினாறில் எட்டும் அரை. முன்புறம் பூஜ்ஜியம் சேர்த்து 5.1 என்று எழுதினால் அரை அரைக்காலாகவும் வீசமாகவும் சுருங்கிவிடும்.

எந்த அடிமானம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதுவதால் வரும் வம்பு தாளில் தெரியாது, கணினியில்தான் தெரியும். லினக்ஸ் கட்டளை வரியில் `chmod 755` என்று அடித்தால் அந்தக் கட்டளை அதை ஆக்டலாகவே எடுத்துக்கொள்ளும். அதே வேலையைப் பைத்தானில் `os.chmod("a.txt", 755)` என்று எழுதினால் பைத்தான் அதை எழுநூற்று ஐம்பத்தைந்து என்று வாசிக்கும்.

```
>>> oct(755)
'0o1363'
>>> hex(0o755)
'0x1ed'
```

ஆக, கோப்புக்குப் போய்ச் சேரும் அனுமதி 1363. முன்னால் உள்ள 1 வேறொரு சிறப்புக் குறி. அதை விட்டுவிட்டால் உரிமையாளருக்கு 3, அதாவது எழுத 2, இயக்க 1. படிப்பதற்கான 4 அதில் இல்லை. குழுவுக்குக் கிடைத்த 6-இல் அது இருக்கிறது. `ls -l` என்று பார்த்தால் `--wxrw--wt` என்று ஒரு விசித்திர வரிசை தெரியும். தான் உருவாக்கிய கோப்பைத் திறக்கப் போனவருக்கு `Permission denied` என்று பதில் வரும். அடைப்புக்குள் `0o755` என்று முன்னொட்டுச் சேர்த்து மறுபடி இயக்கினால் வரிசை `-rwxr-xr-x` என்று மாறி, கோப்பு திறக்கும்.