காபிக்கு முன் ஒரு மாத்திரை... மறக்காமலிருக்க ஒரு முடிச்சு!

காலை ஆறு மணி. டிகாக்‌ஷன் இறங்கிவிட்டது, பால் பொங்கிவிட்டது. முதல் வாய் காபி உள்ளே போன பிறகுதான் அம்மாவுக்கு நினைவு வருகிறது... ‘ஐயோ, தைராய்டு மாத்திரை!’

பல வீடுகளில் நடப்பதுதான். தைராய்டு குறைபாட்டுக்குத் தரப்படும் லீவோதைராக்ஸின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் போட வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டிபன் எல்லாம். உடனே காபி குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

அலாரம் வைக்கலாமே என்பார்கள். அது அடுப்பில் கை இருக்கும்போதுதான் அடிக்கும். அணைத்ததோடு சரி, மறந்துபோகும். இங்கேதான் ‘ஹேபிட் ஸ்டாக்கிங்’ கைகொடுக்கிறது. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு பழக்கத்தின் வாலில் புதிய பழக்கத்தை முடிச்சுப் போட்டுவிடுவது. பழைய வேலை முடிவதே புதிய வேலைக்கு மணியடிக்கும்.

எதில் முடிச்சுப் போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். ‘காலையில் எழுந்ததும்’ என்றால் நிற்காது. எழுந்ததும் வாசல் தெளிப்பதா, பால் பாக்கெட் எடுப்பதா என்று மனம் எங்கோ போய்விடும். காபியும் சரிவராது, அது வருவதற்குள் மாத்திரை முடிந்திருக்க வேண்டுமே! பல் தேய்ப்பதுதான் பொருத்தம். ஞாயிறானாலும் விருந்தாளி வந்தாலும் காபிக்கு முன்பே அது நடந்துவிடும். ஆக, ‘பிரஷ்ஷை ஸ்டாண்டில் வைத்ததும் மாத்திரை.’ பாட்டிலை பாத்ரூமில் வைக்க வேண்டாம், ஈரம் ஆகாது. பாத்ரூமிலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பக்கத்திலேயே ஒரு டம்ளர் தண்ணீரை ராத்திரியே மூடி வைத்துவிடலாம்.

சில வாரங்களில் வேறொரு சிக்கல் வரும். கை தானாகவே போட்டுவிடுவதால், ‘இன்றைக்குப் போட்டேனா, இல்லையா?’ என்ற சந்தேகம். அதற்கும் ஒரு முடிச்சு உண்டு. மாத்திரையை விழுங்கியதும் தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்பது. இன்றைய தேதி தெரிந்தால் மாத்திரை போட்டாயிற்று. ஒரே நிபந்தனை, ராசிபலன் பார்க்கிற அவசரத்தில் தாத்தாவோ பேரனோ முந்திக் கிழித்துவிடக் கூடாது!

இது பழக எத்தனை நாளாகும்? 21 நாள் என்று பலரும் சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் சராசரியாக 66 நாள்கள் என்று வந்தது. சிலருக்கு 18 நாளே போதும் என்றும், சிலருக்கு 254 நாள்கள்வரை ஆகலாம் என்றும் கணக்கிட்டார்கள். நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆனால், விட்டுப்போனதற்குச் சேர்த்து மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்வதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

ஊருக்குப் போகும்போதுதான் முடிச்சு அவிழும். பிரஷ் இருக்கும், காலண்டர் இருக்காது. கிளம்புகிற அன்றே மாத்திரையை பேஸ்ட், பிரஷ் வைக்கும் பையிலேயே போட்டுவிடுங்கள்.