அடுத்த மனையில் பள்ளம் தோண்டும்போது

நிலத்துக்கு அடியில் இரண்டு தளம் கார் நிறுத்த இடம் வேண்டுமென்றால் ஏறக்குறைய 6 மீட்டர் பள்ளம் தோண்டியாக வேண்டும். மண்ணைச் சரிவாக வெட்டி இறங்க நகரத்து மனையில் இடம் இருக்காது. அதனால் எல்லையோரமாகக் கான்கிரீட் பைல்களை நெருக்கமாக இறக்கிச் சுவர்போல் நிறுத்துவார்கள். அந்தச் சுவர் உள்ளே சாயாமல் இருக்க, பள்ளத்தின் குறுக்கே இரும்பு முட்டுகளை வைப்பார்கள். பைல் எவ்வளவு ஆழம், முட்டு எத்தனை, எந்த உயரத்தில் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற கணக்கைத்தான் பொறியாளர்கள் ‘டிசைன் நோட்’ என்கிறார்கள். பின்பக்கங்களில் கம்ப்யூட்டர் அச்சடித்த எண்கள் நிறைந்திருக்கும். பள்ளம் நிற்குமா சரியுமா என்பதை ஆளுவது முன்பக்கத்தில் இருக்கும் சில அனுமானங்கள்.

முதல் அனுமானம், மண் சுவரை எவ்வளவு தள்ளும் என்பது. சாதாரண மணலை எடுத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 1.8 டன் எடை. சுவர் கொஞ்சம் உள்ளே அசைந்து கொடுத்தால், மணல் தன் உராய்வாலேயே தன்னைப் பாதி தாங்கிக்கொள்கிறது. அப்போது மேலிருந்து அழுத்தும் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் பக்கவாட்டில் சுவரைத் தள்ளும். சுவர் துளியும் அசையாவிட்டால் அது பாதியாக ஏறும். அசைய விட்டால் முட்டுச் செலவு குறையும், ஆனால் அந்த அசைவு பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசலாகத் தெரியும். ஆகவே ஒட்டினாற்போல் பழைய கட்டடம் இருக்கும் பக்கத்துக்கும், வெறும் சாலை இருக்கும் பக்கத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டிருக்கும் குறிப்பை நான் நம்புவதில்லை.

அடுத்தது தண்ணீர். இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. 6 மீட்டர் பள்ளத்தில், மணல் உலர்ந்திருந்தால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் மொத்தத் தள்ளல் சுமார் 10.8 டன். பலத்த மழையில் வெளிப்பக்க நீர்மட்டம் தரைவரை ஏறிவிட்டது என்று வையுங்கள். நீரில் மிதப்பதால் மணலின் எடை குறைந்து, அதன் தள்ளல் 6 டன்னாகச் சுருங்கும். ஆனால் மணலைப்போலத் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளத் தண்ணீருக்கு உராய்வு கிடையாது. அது முழு எடையோடும் பக்கவாட்டில் தள்ளும். அந்தக் கணக்கு மட்டும் 18 டன். இரண்டும் சேர்ந்து 24 டன், அதாவது உலர்ந்த நிலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இதனால் குறிப்பில் நான் முதலில் தேடுவது, நிலத்தடி நீர்மட்டம் எந்த மாதத்தில் அளக்கப்பட்டது என்பதை. சென்னையில் மே மாதத்தில் துளை போட்டு மண் பரிசோதனை செய்தால் தண்ணீர் ஆழத்தில் கிடக்கும். அந்த எண்ணையே வைத்து வடிவமைத்து, பள்ளம் முழு ஆழத்தை எட்டுவது நவம்பரில் என்றால், கணக்கும் களமும் வேறு வேறு ஊராகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரிப் பகுதியில் கட்டுமானப் பள்ளம் ஒன்று சரிந்து உயிர்களை வாங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

இனி முட்டுகள். ஆழம் கூடக் கூட மண் அழுத்தம் கூடுகிறது, எனவே மேல் முட்டுக்குச் சுமை கொஞ்சம்தான் என்று தோன்றும். சுரங்க ரயில் பள்ளங்களில் முட்டுகளின் சுமையை அளந்து பார்த்த ரால்ஃப் பெக், அப்படி இல்லை என்று காட்டினார். மேல் முட்டு முதலில் வைக்கப்படுகிறது. அங்கே சுவரால் அதிகம் அசைய முடிவதில்லை, அதனால் சுமை அதன்மேல் ஏறிக்கொள்கிறது. மணலுக்கு அழுத்தத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக எடுத்துக்கொள்ளச் சொன்னார். நம் பள்ளத்தில் அது சதுர மீட்டருக்கு சுமார் 2.3 டன். தரையிலிருந்து 1.5 மீட்டரில் ஒன்று, 4.5 மீட்டரில் ஒன்று என இரண்டு வரிசை முட்டுகளை 5 மீட்டருக்கு ஒன்றாக வைத்தால், உலர்ந்த மண்ணிலேயே ஒவ்வொன்றும் 35 டன் தாங்க வேண்டும். ஆழத்தோடு கூடும் அழுத்தத்தை மட்டும் நம்பியிருந்தால் மேல் முட்டுக்கு 14 டன்கூட வந்திராது. தண்ணீரும், சாலையில் நிற்கும் லாரியும் இதற்கு மேல்.

இந்தக் கணக்கு உண்மையாக இருக்க வேண்டுமென்றால் தோண்டும் வரிசையும் குறிப்பில் உள்ளபடியே நடக்க வேண்டும். வழக்கமாக முட்டு வைக்கும் மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே வரை தோண்டி நிறுத்தி, முட்டை வைத்து இறுக்கிய பிறகே மேற்கொண்டு இறங்கலாம். ஜேசிபி வாடகை ஓடுகிறதே என்று இன்னும் ஒன்றரை மீட்டர் அள்ளினால், அந்த இடைப்பட்ட நாளில் பைல் வடிவமைக்கப்படாத ஒரு நிலையில் நிற்கிறது. முட்டுகளைக் கழற்றும்போதும் இதே கதைதான்: கீழ்த் தளத்தின் கான்கிரீட் போதிய வலு பெற்று முட்டின் வேலையை ஏற்ற பிறகுதான் கழற்ற வேண்டும்.

குறிப்பு தவறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலையைவிடத் தெளிவான சாட்சி இல்லை. அங்கே சர்க்கிள் லைன் ரயிலுக்காக மென்மையான கடல் களிமண்ணில் 30 மீட்டருக்கும் ஆழமான பள்ளம் தோண்டினார்கள். திட்டமிட்டது பத்து வரிசை முட்டுகள். 2004 ஏப்ரல் 20 அன்று, ஒன்பதாவது வரிசை வைத்து அதற்குக் கீழே தோண்டியிருந்த நிலையில், பிற்பகல் மூன்றரை மணியளவில் பள்ளம் இடிந்து நெடுஞ்சாலையின் ஒரு பகுதியையும் விழுங்கியது. நான்கு பேர் இறந்தார்கள்.

விசாரணைக் குழு இரண்டு வடிவமைப்புப் பிழைகளைச் சுட்டியது. ஒன்று மண்ணைப் பற்றியது. ஈரக் களிமண்ணை விரைவாகத் தோண்டும்போது உள்ளிருக்கும் நீர் வெளியேற நேரம் இருக்காது, அதற்கேற்ப அதன் வலுவும் குறைவாகவே இருக்கும். கம்ப்யூட்டரில் களிமண்ணைக் காட்டிய முறை அந்த வலுவை அதிகமாக எடுத்துக்கொண்டது. அதனால் சுவர் எவ்வளவு வளையும் என்பதைக் குறைத்துக் காட்டியது. இரண்டாவது பிழை முட்டும், சுவரோரம் கிடையாக ஓடும் வாலர் உத்தரமும் சேரும் முனையில் இருந்தது. அந்த முனையின் தாங்குதிறன் தேவைப்பட்டதில் ஏறத்தாழ பாதிதான். முட்டு முறியவில்லை. அது முட்டிய இடம் நசுங்கியது. ஒன்பதாவது வரிசை கைவிட்ட சுமை எட்டாவதற்குப் போக, அதுவும் தாங்கவில்லை.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. சுவர் கணக்கிட்டதைவிட அதிகமாக வளைவதைக் கருவிகள் முன்பே காட்டின. மறுகணக்குப் போட்டு அனுமதி எல்லையை உயர்த்தினார்கள். விபத்தன்று காலையிலேயே வாலர் முனைகள் நெளிவது கண்ணுக்குத் தெரிந்தது. கான்கிரீட் கொட்டி அதைக் காப்பாற்றப் பார்த்தார்கள். முட்டுகளின் சுமையை அளந்த கருவிகளோ எல்லைக்குள்தான் காட்டிக்கொண்டிருந்தன. ஒரு கருவி நல்ல செய்தி சொல்கிறது என்பதற்காக இன்னொன்றின் கெட்ட செய்தியைத் தள்ளிவைக்க முடியாது. அளவு எல்லையைத் தாண்டினால் வேலையைத்தான் நிறுத்த வேண்டும், எல்லையை நகர்த்தக் கூடாது.

உங்கள் வீட்டை ஒட்டிப் பள்ளம் தோண்டப் போகிறார்கள் என்றால், தொடங்கும் முன்பே உங்கள் சுவர்களைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். டிசைன் நோட்டைக் காட்டச் சொல்லி, நீர்மட்டம் எந்த மாதத்தில் அளந்தது, உங்கள் கட்டடத்தின் சுமையைச் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வேலை நடக்கும்போது பைல்களின் இடுக்கில் தெளிந்த நீர் கசிந்தால் பதற வேண்டாம், சொல்லி வையுங்கள். அந்த நீர் கலங்கி, மணலோடு வந்தால் உங்கள் அஸ்திவாரத்துக்கு அடியிலிருக்கும் மண் போகிறது என்று பொருள். அன்றைக்கே வேலையை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், மாநகராட்சிக்கும் எழுத்தில் கொடுங்கள்.