ஊர்ந்து சென்ற படம்

ஒரே கமராவை அசையாது நிறுத்திப் பதிவுசெய்த விரிவுரையொன்றில், முக்கியமான சொல்லொன்று வருமிடத்தில் காட்சியைப் பெருப்பிக்க விழைந்தோம். இன்ன கணத்தில் இன்ன அளவெனக் குறிப்பதே கீபிரேம். தொடக்கத்தில் 100 வீதமெனவும், சொல் வரும் 20ஆம் செக்கனில் 120 வீதமெனவும் இரண்டை இட்டோம். விளைவு யாது? படம் 20 செக்கனும் ஊர்ந்துகொண்டேயிருந்தது. சொல்லுக்கு அழுத்தம் கிட்டவில்லை. இரு கீபிரேம்களுக்கு இடைப்பட்ட காலம் முழுவதும் அளவு சிறிது சிறிதாக மாறுவதே காரணமாம். ஆகவே, சொல்லுக்கு அரைச் செக்கன் முன்னர் 100 வீதமென இன்னொரு கீபிரேம் இட்டோம். அதுவரை அசையாதிருந்த படம் உரிய கணத்தில் நெருங்கியது.

ஆனால் பேசுபவரின் தலை மேல்விளிம்பில் வெட்டுண்டது. பெருப்பித்தல் படத்தின் நடுவிலிருந்து நிகழ்வதே அதற்குக் காரணம். படத்தின் இருப்பிடத்திற்கும் அதே இரு கணங்களில் கீபிரேம் இட்டுச் சற்றுக் கீழிறக்கினோம். முகம் முழுமையாகத் தெரிந்தது.